எலும்பு வயது குறைவு என்றால் எலும்பு பலவீனமா?

உயரம் போதவில்லை என்று மருத்துவர் ஒரு கை எக்ஸ்ரே எழுதிக் கொடுப்பார். ரிப்போர்ட்டில் "எலும்பு வயது 11½" என்று இருக்கும். பிள்ளைக்கு வயது பதின்மூன்றைத் தாண்டியிருக்கும். உடனே பெற்றோர் மனதில் தோன்றுவது, எலும்பு வலுவில்லை, கால்சியம் போதவில்லை என்பதுதான். ரேடியாலஜிஸ்ட்டான என்னிடம் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். இந்த எண்ணுக்கும் எலும்பின் வலுவுக்கும் சம்பந்தமில்லை. பிள்ளையின் எலும்பு வளர்ச்சிப் பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

இடது கையையும் மணிக்கட்டையும் சேர்த்து ஒரே படம் எடுப்போம். கதிர்வீச்சு மிகமிகக் குறைவு. விரல்களைச் சற்று விரித்து, உள்ளங்கை தட்டையாகப் படும்படி வைக்க வேண்டும். கை சாய்ந்திருந்தால், எலும்பு நீளும் இடங்களான வளர்ச்சித் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, மூடாத தட்டுகூட மூடியதுபோலத் தெரியும். அப்படிப்பட்ட படத்தைத் திரும்ப எடுப்பதே நல்லது.

பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரேயில் தெரியாது. முதல் சில மாதங்களில் கேபிடேட், ஹாமேட் இரண்டும் தெரியத் தொடங்கும். மற்றவை ஒவ்வொன்றாக வந்து, கடைசியாகப் பைசிஃபார்ம் பத்து வயதை ஒட்டித் தலைகாட்டும். அதனால் சின்னப் பிள்ளைகளில் மணிக்கட்டு உதவுகிறது. ஆனால் இந்த எலும்புகள் வரும் வரிசையும் காலமும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பள்ளி வயதில் நான் அதிகம் நம்புவது விரல்களைத்தான்.

ஒவ்வொரு விரல் எலும்பின் அடியிலும் ஒரு சிறு தகடுபோன்ற முனை எலும்பு இருக்கும். அதற்கும் எலும்பின் நீண்ட நடுப்பகுதியான தண்டுக்கும் நடுவில் கருப்பாகத் தெரியும் இடைவெளிதான் வளர்ச்சித் தட்டு. முனை எலும்பு முதலில் ஒரு புள்ளி. அப்புறம் தண்டின் அகலத்துக்கு வளரும். பருவமடையும் காலத்தில் அதன் ஓரங்கள் தண்டைத் தொப்பிபோலக் கவிந்து பிடிக்கும். பிறகு இடைவெளி மறைந்து இரண்டும் ஒட்டிவிடும். விரல் நுனியில் முதலில் ஒட்டும். முன்கையின் ரேடியஸ் எலும்பில் கடைசியில் ஒட்டும்.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். வயது 13 வருடம் 9 மாதம், உயரம் 138 செ.மீ. அவன் வயதுக்கான வளர்ச்சி வரைபடத்தில் அடிக்கோட்டுக்கும் கீழே. படத்தில் எட்டு மணிக்கட்டு எலும்புகளும் இருக்கின்றன. இங்கே அவற்றால் பெரிதாக எதுவும் தெரியாது. விரல்களில் முனை எலும்புகள் தண்டின் அகலத்துக்கு வந்துவிட்டன, ஆனால் எங்கும் கவியவில்லை. கட்டைவிரலின் அடியில் பையன்களுக்குப் பதின்மூன்று வயதை ஒட்டித் தோன்றும் செசமாய்டு என்ற சிறு எலும்பும் இன்னும் வரவில்லை. வயதுவாரியாக மாதிரிக் கை எக்ஸ்ரே படங்கள் உள்ள கிரூலிச், பைல் அட்லஸில் ஆண்களுக்கான படங்களோடு ஒப்பிட்டால் 11½ வயதுப் படமே நெருங்கி வருகிறது. இந்த வயதில் கிட்டத்தட்ட இரண்டு வருட வித்தியாசம் வரை இயல்பாகவே இருக்கலாம். இவனுக்கு அதையும் தாண்டி 2 வருடம் 3 மாதம் பின்தங்கல்.

பதினொன்றரை வயதுப் பையனுக்கு 138 செ.மீ. சாதாரண உயரம்தான். இவன் வருடத்துக்கு 5 செ.மீ. வளர்கிறான், பருவ மாற்றம் இப்போதுதான் தொடங்குகிறது, அப்பாவும் கல்லூரி போன பிறகுதான் உயர்ந்தாராம். எல்லாம் சேர்ந்து தாமதமாகப் பூக்கும் இயல்பான வளர்ச்சியைக் காட்டுகின்றன. இவன் தட்டுகள் மூட இன்னும் காலம் இருக்கிறது. இதற்கு உயரம் கூட்டும் பவுடர் எதுவும் தேவையில்லை.

அந்த அட்லஸ் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளை 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும் எடுத்த படங்களிலிருந்து உருவானது. நம் பிள்ளைகளுக்கு அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே படத்தை இரண்டு பேர் பார்த்தாலும் சில மாதங்கள் முன்பின் வரும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு: பள்ளியில் சேர்க்கக் கொடுத்த பிறந்த தேதி வேறு, உண்மைத் தேதி வேறு. ஒரு வருடம் மாறினாலே இயல்பானது தாமதமாகத் தெரியும். சீட்டில் எந்தத் தேதி இருந்தாலும், தயவுசெய்து அம்மாவுக்குத் தெரிந்த தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எலும்பு வயது பின்தங்க தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு, நாள்பட்ட குடல் நோய் என்று வேறு காரணங்களும் உண்டு. அந்தப் படமும் இந்தப் பையனுடையது போலவே இருக்கலாம். எக்ஸ்ரேயால் அவற்றைப் பிரிக்க முடியாது. வளரும் வேகம்தான் பிரித்துக் காட்டும். பருவத்துக்கு முந்தைய வயதில் வருடத்துக்கு 4 செ.மீ.கூட வளராத பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, செருப்பில்லாமல், ஒரே அளவுகோலில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை எக்ஸ்ரேக்கு வரும்போது அந்தக் குறிப்பையும் பழைய படத்தையும் சேர்த்தே கொண்டு வாருங்கள்.