காற்றடித்தால் தெரியும் வெள்ளைப் புள்ளி

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களின் வாயைப் பரிசோதிக்கும்போது, மேல் கோரைப்பல்லின் ஈறோரத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். பிளேக்கைத் துடைத்துவிட்டு ஈரத்தோடு பார்த்தால் பல் நன்றாகவே இருக்கும். ஏர் சிரிஞ்சால் 5 விநாடி காற்றடித்தால் ஈறையொட்டிப் பிறை வடிவில் ஒரு வெள்ளை எழும். சொத்தையின் முதல் அடையாளம் அது. அது ஏன் காய்ந்தால் மட்டும் தெரிகிறது என்று புரிந்துவிட்டால் எனாமலில் பாதி புரிந்த மாதிரி.

எனாமலின் எடையில் சுமார் 96 விழுக்காடு கனிமம். மீதி தண்ணீரும் சிறிதளவு புரதமும். அந்தக் கனிமம் ஹைட்ராக்சிஅபடைட், Ca10(PO4)6(OH)2. ஆனால் பல்லில் இருப்பது சுத்தமான அபடைட் அல்ல. பாஸ்பேட் இருக்க வேண்டிய சில இடங்களில் கார்பனேட் புகுந்திருக்கும், அதனால் படிகம் சற்று எளிதில் கரையும். மெல்லிய படிகங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, 5 மைக்ரான் அளவு தடிமனுள்ள தண்டுகளாக டென்டின் எல்லையிலிருந்து மேற்பரப்பு நோக்கி நிற்கின்றன. படிகங்களுக்கு நடுவே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. அவற்றில் தண்ணீர் நிற்கிறது. அமிலம் உள்ளே போவதும் கால்சியம் வெளியே வருவதும் இந்த வழியாகத்தான்.

எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. படிகங்கள் கரைந்து இடைவெளி பெரிதாகும்போது அதில் தண்ணீர் நிறைந்திருந்தால் ஒளி அவ்வளவாகச் சிதறாது. காற்றடித்து அந்தத் தண்ணீரை வெளியேற்றினால் வித்தியாசம் கூடிவிடும், ஒளி சிதறி வெள்ளையாகத் தெரியும். ஈரத்திலேயே வெள்ளை தெரிந்தால் கனிமம் இன்னும் அதிகமாகப் போயிருக்கிறது என்று பொருள்.

இனி கணக்கைப் பாருங்கள். சர்க்கரை உள்ளே போன சில நிமிடங்களில் பிளேக்கின் பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கும். அதற்குக் கீழே அபடைட் கரையத் தொடங்கும். உமிழ்நீரின் பைகார்பனேட் அமிலத்தைத் தணித்து மேலே கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், சர்க்கரை போட்ட டீயை நாளில் நான்கு முறை ஒரே மூச்சில் குடிப்பவருக்குக் கரையும் நேரம் 160 நிமிடம். கொழுந்து பறிக்கும்போது பிளாஸ்கில் அதே நான்கு டம்ளர் டீயைக் கொண்டுபோய், காலை 8 மணியிலிருந்து 12 மணி வரை 20 நிமிடத்துக்கு ஒரு மடக்கு குடிப்பவருக்குப் பிஎச் நடுவில் மேலே ஏறவே வாய்ப்பில்லை. கடைசி மடக்குக்குப் பிந்தைய 40 நிமிடத்தையும் சேர்த்தால் கரையும் நேரம் 280 நிமிடம் ஆகிறது. சர்க்கரை அளவு ஒன்றுதான், இடைவெளிதான் வேறு. டீத்தூளைக் குறை சொல்ல வேண்டாம்: தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை எடுத்து இலையில் சேர்த்து வைப்பது.

கரைந்தும் மேற்பரப்பு ஏன் முழுசாக நிற்கிறது? மேல் சில பத்து மைக்ரான் அடுக்கில் ஃபுளோரைடு அதிகம், கார்பனேட் குறைவு. அத்தோடு அடியில் கரைந்த கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியே வரும் வழியில் அங்கே மறுபடி படிகின்றன. அதனால் குழி விழுவதற்கு முன்பே அடியில் கனிமம் குறைந்துவிடுகிறது. கூர்மையான எக்ஸ்ப்ளோரரால் குத்தினால் இந்த மெல்லிய மேலடுக்கு உடைந்துவிடும். சரிசெய்திருக்கக்கூடிய இடத்தில் நாமே குழி போட்டதாகிவிடும். உருண்டை முனைப் புரோபால் மெல்லத் தடவிப் பார்ப்பதே போதும்.

மீள்படிவுக்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பேட்டும் உமிழ்நீரில் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. பிஎச் ஏறியதும் அவை முழுதும் கரையாமல் நிற்கும் படிகங்களின் மேல் ஒட்டி வளரும். அங்கே சிறிதளவு ஃபுளோரைடு இருந்தால் வளர்ச்சி வேகமாகும், புதிதாகச் சேரும் அடுக்கு பிஎச் 4.5 வரை தாங்கும். எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைத்ததோடு போய்விட்டன, எனவே ஒட்டுவதற்குப் படிகம் மிச்சமிருந்தால்தான் இது நடக்கும். குழி விழுந்தபின் நிரப்பாது.

அந்தத் தோட்டத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டியது: டீயை வேலையிடைவேளையில் மொத்தமாகக் குடியுங்கள், நடுவில் வெறும் தண்ணீர். 1000 முதல் 1500 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பேஸ்டால் இருவேளை துலக்கி, துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் விடுங்கள். இரவில் உமிழ்நீர் மிகவும் குறையும், ஆகவே படுக்கும் முன் துலக்குவது கட்டாயம். புள்ளியின் மேல் 22,600 பிபிஎம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லுங்கள்.

அப்போது நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மேலடுக்கு இறுகியதும் அடிப்பகுதிக்குக் கனிமம் போய்ச் சேர்வது மெதுவாகும், அதனால் வெள்ளை பல ஆண்டு நிற்கலாம். மங்கலாகவும் சொரசொரப்பாகவும் பிளேக் மூடியும் இருந்தால் கரைவு இன்னும் நடக்கிறது. பளபளப்பாகவும் வழவழப்பாகவும் இருந்தால் அது நின்ற புண்ணின் தழும்பு, அதைத் தோண்டி அடைக்க வேண்டியதில்லை.