டிக்சன் வரைபடத்தில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்

ஒரு நொதியைத் தடுப்பான் எவ்வளவு வலுவாகத் தடுக்கிறது என்று காட்ட ஆய்வு மாணவர்கள் டிக்சன் வரைபடம் கொண்டுவந்தால் நான் முதலில் எண்ணுவது கோடுகளை. பலரிடம் இரண்டே கோடுகள்தான் இருக்கும். இணையாக இல்லாத எந்த இரண்டு கோடும் எங்காவது வெட்டிக்கொள்ளும். அதை வைத்து எதையும் நம்ப முடியாது. மூன்றாவது கோடும் அதே புள்ளி வழியாகப் போனால்தான் அந்த இடத்துக்கு அர்த்தம்.

அல்கலைன் பாஸ்பேட்டேஸ் நொதியைப் பாஸ்பேட் தடுப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை பயிற்சிக்காக நான் அமைத்த எண்கள். தளப்பொருள் 0.1, 0.2, 0.4 மில்லிமோலார். ஒவ்வொன்றிலும் பாஸ்பேட் 0, 0.5, 1 மில்லிமோலார். வேகம் நிமிடத்துக்கு மைக்ரோமோலாரில்:

0.1-இல் 3.33, 2.00, 1.43
0.2-இல் 5.00, 3.33, 2.50
0.4-இல் 6.67, 5.00, 4.00

தடுப்பானின் செறிவைக் கிடை அச்சிலும் வேகத்தின் தலைகீழான 1/v-ஐச் செங்குத்து அச்சிலும் போடுங்கள். முதல் கோடு 0.3, 0.5, 0.7 என ஏறும். கடைசிக் கோடு 0.15, 0.20, 0.25 என மெதுவாக ஏறும். இடப்பக்கம் நீட்டினால் மூன்றும் −0.5-இல், 0.1 உயரத்தில் சந்திக்கும். ஆகவே தடுப்பு மாறிலி Ki 0.5 மில்லிமோலார்.

சரி, இது தடுப்பான் தளப்பொருளின் இடத்துக்கே போட்டியிடும் போட்டித் தடுப்புதானா? இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கலப்புத் தடுப்பிலும் கோடுகள் அச்சுக்கு மேலே சந்திக்கலாம். போட்டித் தடுப்பு என்றால் சந்திக்கும் உயரம் உச்ச வேகத்தின் தலைகீழாக, அதாவது 1/Vmax ஆக இருக்க வேண்டும். தடுப்பான் இல்லாத மூன்று வேகங்களிலிருந்து தனியாகக் கணக்கிட்டால் Vmax 10 வருகிறது. 1/10 என்பது 0.1. பொருந்துகிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. அதே தரவில் 1/v-க்குப் பதில் தளப்பொருளின் செறிவை வேகத்தால் வகுத்த S/v-ஐ வரையுங்கள். முதல் கோடு 0.03, 0.05, 0.07, இரண்டாவது 0.04, 0.06, 0.08, மூன்றாவது 0.06, 0.08, 0.10. மூன்றும் இணை. போட்டித் தடுப்பில் இப்படித்தான் வரும். கலப்பில் இவையும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். புதிதாக ஒரு குழாய்கூட வைக்காமல் கிடைக்கும் சோதனை இது, அதனால் இதைச் செய்யாத வரைபடத்தை நான் ஏற்பதில்லை.

அப்புறம், வேகம் தொடக்க வேகமாக இருக்கிறதா என்று பாருங்கள். 0.1 மில்லிமோலார் என்பது 100 மைக்ரோமோலார். தடுப்பான் இல்லாத குழாயில் நிமிடத்துக்கு 3.33 என்ற வேகம் அப்படியே நீடித்தால் 3 நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கு தீரும். 10 நிமிடம் விட்டு ஒரே ஒரு முறை அளந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தீர்ந்து, சராசரி வேகம் குறைந்திருக்கும். தளப்பொருள் அதிகம் உள்ள குழாய்களில் தீரும் பங்கு இதைவிடக் குறைவு. அதனால் சாய்வு பெரிதாக மாறாமல் முதல் கோடு முழுவதும் மற்ற இரண்டையும்விட அதிகம் உயரும். சந்திக்கும் இடம் இன்னும் இடப்பக்கம் நகர்ந்து Ki பெரிதாகத் தெரியும். அப்போதும் கோடுகள் பார்வைக்கு நேராகவே இருப்பதால் வரைபடத்தை வைத்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். தளப்பொருள் 0.1 மில்லிமோலாரும் தடுப்பான் இல்லாமலும் உள்ள குழாயில் மட்டும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை 405 நானோமீட்டரில் விளைபொருளின் மஞ்சள் நிறத்தை அளந்து, ஏற்றம் எப்போது வளையத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.