வடிகிற தண்ணீருக்குப் பின்னால் வருகிற தண்ணீர்

சேலத்தில் பெருமழை பெய்து ஓய்ந்ததும் ஆற்றோரத் தெருக்காரர்கள் முதலில் செய்வது, பாலத்துக்குப் போய் எட்டிப் பார்ப்பது. தண்ணீர் பாலத்தின் கண்ணில் எந்தக் கல்வரிசை வரை வந்திருந்தது, இப்போது எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள். நானும் அப்படி எத்தனையோ இரவுகள் பாலத்தில் நின்றவன்தான். கையில் டார்ச்சும் குறிப்பேடும் இருக்கும், அதுதான் வித்தியாசம். ஆறுகளில் நீர்மட்டம் அளக்கும் வேலை எனக்கு.

ஒரு இரவு, எட்டே முக்கால் மணி இருக்கும். தெருமுனை டீக்கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "தண்ணி எறங்கிருச்சுங்க சார், சாமானெல்லாம் கீழ எறக்கிரலாமுங்களா?" என்று கேட்டார். இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. கண்ணெதிரே தண்ணீர் அரை ஆள் உயரம் குறைந்திருந்தது. ஏன் பொறுக்கச் சொன்னேன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஆற்றின் நீர்மட்டத்தை நேரத்தோடு சேர்த்துக் கோடாகப் போட்டால் அதுதான் ஹைட்ரோகிராஃப், வெள்ள வரைகோடு. கீழே நேரம், பக்கவாட்டில் மட்டம், வேறொன்றும் இல்லை. ஏறுகிற பக்கம் செங்குத்தாக இருக்கும், உச்சி ஒன்று வரும், இறங்குகிற பக்கம் சாய்வாக நீண்டு கிடக்கும். பாடப்புத்தகத்தில் ஒரே திமிலோடு அழகாக இருக்கும். நம் ஊரில் பல நேரம் இரண்டு திமில் வரும்.

காரணம் நிலத்தின் அமைப்பு. சேலத்துக்குள் ஓடுகிற எங்கள் திருமணிமுத்தாற்றுக்குத் தண்ணீர் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று சேலம் நகரம்: தார் சாலை, கான்கிரீட் மாடி, சாக்கடை. இங்கே விழுகிற மழை மண்ணுக்குள் இறங்க இடமே இல்லை, அரை மணி, முக்கால் மணிக்குள் ஆற்றில் சேர்ந்துவிடும். இன்னொன்று சேர்வராயன் மலை. நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. மலை செங்குத்தானது, அதனால் தண்ணீர் உடனே வந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் காடும் காப்பித் தோட்டமும் சருகுமாகக் கிடக்கிற மண் முதலில் குடிக்கும். குடித்து நிறைந்த பிறகுதான் தள்ளும். அடிவாரத்தில் ஏரிகள் வேறு இருக்கின்றன. அவை நிரம்பும் வரை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், நிரம்பியதும் மொத்தமாக வழிய விடும். ஆக, நகரத்துத் தண்ணீர் முதலில் வந்து போய்விடுகிறது. மலைத் தண்ணீர் இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து வருகிறது. டீக்கடைக்காரர் பார்த்தது முதல் தண்ணீர் வடிந்ததை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். இது குறிப்பேட்டின் நகல் இல்லை, புரிவதற்காக எண்களை எளிதாக்கிச் செய்த மாதிரி. பாலத்துக் கேஜில், அதாவது நீர்மட்டம் காட்டுகிற அளவுகோலில், மழைக்கு முன் மட்டம் 0.40 மீட்டர். கரை உயரம் 2.40. மாலை ஐந்தரைக்கு நகரத்தில் மழை பிடிக்கிறது, சற்று நேரத்தில் மலையிலும். ஆறு மணிக்கு 0.45, ஆறரைக்கு 0.90, ஏழு மணிக்கு 1.60. ஏழேகாலுக்கு 1.75, அதுதான் முதல் உச்சி. பிறகு இறக்கம்: ஏழே முக்காலுக்கு 1.45, எட்டேகாலுக்கு 1.20, எட்டே முக்காலுக்கு 1.15.

அந்தக் கடைசி எண்ணில்தான் சேதி இருக்கிறது. முதல் அரை மணியில் 30 சென்டிமீட்டர் இறங்கிய ஆறு, அடுத்த அரை மணியில் 25, அதற்கடுத்து வெறும் 5. இறக்கம் போகப் போக மெதுவாவது இயல்புதானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் எந்த அளவுக்கு மெதுவாக வேண்டும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. மழைக்கு முந்தைய மட்டமான 0.40ஐ எல்லாவற்றிலிருந்தும் கழித்துப் பாருங்கள்: 1.35, 1.05, 0.80 என்று வருகிறது. அதாவது அரை மணிக்கு ஒரு தடவை சுமார் முக்கால் பங்கு மிஞ்சுகிறது. வேறு தண்ணீர் வரவில்லை என்றால் அடுத்தது 0.60 ஆக இருக்க வேண்டும், கேஜ் 1.00 காட்ட வேண்டும். காட்டியதோ 1.15. அந்தப் பதினைந்து சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது? மலையிலிருந்து வந்த முதல் தண்ணீர் அது. (இந்த முக்கால் பங்குக் கணக்கு முறைப்படி மட்டத்துக்கு இல்லை, விநாடிக்கு எத்தனை கன மீட்டர் ஓடுகிறது என்பதற்கு. பாலத்தில் நின்று மதிப்பிட இவ்வளவு போதும்.)

கணக்குப் போட முடியாதவர்களுக்கு நிறம் இருக்கிறது. நகரத்துத் தண்ணீர் கறுத்து, சாக்கடை நாற்றத்தோடு, சாய நுரையும் பிளாஸ்டிக்கும் மிதக்க வரும். மலைத் தண்ணீர் செம்பழுப்பு. பாக்சைட் கிடக்கிற மலையின் செம்மண் அது. சருகும் மரக்கிளையும் சேர்ந்து வரும். மட்டம் குறைந்துகொண்டிருக்கும்போதே நிறம் மாறினால் நான் பாலத்தை விட்டு நகர மாட்டேன்.

ஒன்பது மணிக்கு 1.40. ஒன்பதேகாலுக்கு 1.90. ஒன்பதரைக்கு 2.45, கரையைத் தாண்டியாயிற்று. கால் மணிக்கு அரை மீட்டருக்குமேல் ஏற்றம். இந்த நேரத்தில் உயரத்தைவிட வேகத்தைத்தான் பார்க்க வேண்டும். 1.90 என்பது தனியாகப் பார்த்தால் பயமுறுத்தாத எண், கரைக்கு இன்னும் அரை மீட்டர் பாக்கி. அந்த அரை மீட்டர் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதை வேகம்தான் சொல்லும்.

அப்புறம் வருகிற இடத்தில் அனுபவசாலிகளும் ஏமாறுவார்கள். ஒன்பதே முக்காலுக்கு 2.55, பத்து மணிக்கு 2.65, பத்தேகாலுக்கு 2.67. கோடு படுத்துவிட்டது. "வேகம் கொறஞ்சிருச்சு, இனி ஏறாது" என்பார்கள். ஆறு குறையவே இல்லை. கரைக்குள் பன்னிரண்டு மீட்டர் அகலத்தில் ஓடிய தண்ணீர், கரை தாண்டியதும் தெரு, காலி மனை என அறுபது மீட்டருக்குப் பரவுகிறது. நூறு மீட்டர் நீளத்துக்கு மட்டத்தைப் பத்து சென்டிமீட்டர் ஏற்றக் கரைக்குள் இருந்தபோது 120 கன மீட்டர் போதும். இப்போது 600 வேண்டும். ஐந்து மடங்கு தண்ணீர் வந்தும் கேஜில் அதே பத்து சென்டிமீட்டர்தான் தெரிகிறது. கேஜ் காட்டுவது உயரம், ஓடுகிற தண்ணீரின் அளவு அல்ல. அதனால் கரை மட்டத்துக்கு மேலே படுத்துக்கிடக்கிற கோட்டை நம்பக்கூடாது. ஏறுகிற கோடு கரைக்குக் கீழேயே படுத்தால் ஆறு நிதானமாகிறது என்று பொருள் கொள்ளலாம். கரைக்கு மேலே படுத்தால் தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. பாலத்தின் கண்ணில் ஆகாயத்தாமரையும் குப்பையும் சிக்கிக்கொண்டால், வருகிற தண்ணீர் கூடாமலேயே மேல்பக்கம் மட்டம் ஏறும். அடைப்பு பிய்த்துக்கொண்டால் மேலே சட்டென்று இறங்கும், கீழே உள்ளவர்களுக்கு ஒரே அலையாகப் போகும். வரைகோட்டில் இது கத்தியால் வெட்டியதுபோல நேராக விழும். இயற்கையான இறக்கம் அப்படி விழாது.

இதையே மலையோடையில் பார்த்தால் இன்னும் கவனம் வேண்டும். மழை விடாமல் பெய்யும்போது ஓடை திடீரென்று வற்றினால், மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை மறித்திருக்கலாம். அந்த மண்ணணை எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடையை எட்டிப் பார்க்கப் போகாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும், கீழே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணிக்கு ஒரு ரீடிங் எடுத்தால் போதும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பெரிய ஆற்றுக்கு அது சரி. மேலே சொன்ன மாதிரிக் கணக்கை மணிக்கொரு முறை எழுதிப் பாருங்கள்: ஏழுக்கு 1.60, எட்டுக்கு 1.30, ஒன்பதுக்கு 1.40, பத்துக்கு 2.65. முதல் உச்சியான 1.75 காணாமல் போய்விட்டது. எட்டே முக்காலின் அந்தத் தயக்கமும் இல்லை. ஒன்பது மணிக்கு ஆறு ஏறக்குறைய சும்மா இருப்பதுபோலத் தெரிகிறது. அப்படி ஒரு ரீடிங்கை நம்பி, கரையோரம் நிறுத்தியிருந்த என் பைக்கை மறுநாள் அரை கிலோமீட்டர் தள்ளிக் கண்டெடுத்தேன். உச்சி எவ்வளவு என்பதையும் சுவரில் சேறு படிந்த கோட்டை அளந்துதான் எழுதினேன். அதற்குப் பிறகு இந்த மாதிரிச் சிற்றாறுகளில் கால் மணிக்கு ஒரு ரீடிங்தான்.

தினசரி மழை அளவையும் இதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். வானிலை ஆய்வு மையம் சொல்வது காலை எட்டரை முதல் மறுநாள் காலை எட்டரை வரையிலான மொத்தம். பத்து சென்டிமீட்டர் நாள் முழுக்கத் தூறியதா, இரண்டு மணி நேரத்தில் கொட்டியதா என்பது அதில் தெரியாது. ஆற்றுக்கு அந்த இரண்டும் ஒன்றல்ல.

நம் கதைக்கு வருவோம். பத்தரைக்கு 2.66, பதினொன்றுக்கு 2.50, நள்ளிரவுக்கு 2.00. ஆறு கரைக்குள் வந்துவிட்டது. தெருவில் தேங்கியது ஆற்றுக்குத் திரும்ப இன்னும் நேரமாகும். காலை ஆறு மணிக்கு 0.85. தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிந்திருக்கும், கரையில் பிள்ளைகள் நிற்பார்கள். ஆனால் 0.40க்கு வரவில்லை. மலை குடித்த தண்ணீர் இன்னும் கசிந்து வந்துகொண்டிருக்கிறது. பல நாளுக்கு வரும். அதாவது மலை நனைந்து, நிறைந்து நிற்கிறது. ஏரிகளும் தளும்பிக்கொண்டிருக்கின்றன. நேற்று மலைத் தண்ணீரைத் தாமதப்படுத்திய இரண்டும் இன்று வேலை செய்யாது. அதே அளவு மழை பெய்தால் இரண்டாவது திமில் சீக்கிரமே வரும், முதல் திமிலோடு சேர்ந்துகொள்ளவும் கூடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி வலுவிழந்த பிறகு, டிசம்பர் முதல் இரண்டு நாளும் உள்மாவட்டங்களில் மழை தொடர்ந்தது. ஏற்காடு மலைச்சாலையில் மண் சரிந்ததும், திருமணிமுத்தாறு தெருக்களுக்குள் வந்ததும் அப்போதுதான்.

ஆகவே மறுநாள் மாலை மலைப்பக்கம் மறுபடி கறுத்தால், டீக்கடைக்காரருக்கு நான் சொல்வது இதுதான்: கணக்கை 0.40இலிருந்து தொடங்காதீர்கள், 0.85இலிருந்து தொடங்குங்கள். சாமானை மழை பிடிக்கும் முன்பே மேலே ஏற்றிவிடுங்கள்.