ஒரே ஒரு யூனிட், 243 ரூபாய்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் தன் வீட்டு கரண்ட் பில்லைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். 2025 மார்ச் 14 முதல் மே 13 வரைக்குமான இரண்டு மாதக் கணக்கு. ஓடியது 520 யூனிட், கட்டணம் 2,208 ரூபாய். “ஸ்லாப் வாரியாக நானே போட்டுப் பார்த்தேன், 1,973தான் வருகிறது. 235 ரூபாய் அதிகம் போட்டுவிட்டார்களா?” என்று கேட்கிறார். நல்ல வேளையாக, தான் போட்ட கணக்கையும் ஒரு தாளில் எழுதி அதையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அவர் கணக்கு இப்படிப் போகிறது. முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட், 2.35 வீதம் 235 ரூபாய். அடுத்த 200 யூனிட், 4.70 வீதம் 940. அதற்கு மேல் 100 யூனிட், 6.30 வீதம் 630. மிச்சம் 20 யூனிட், 8.40 வீதம் 168. கூட்டினால் 1,973. பெருக்கலில் பிழை இல்லை. வீதங்களும் 2024 ஜூலை 1 முதல் வீட்டு இணைப்புகளுக்கு நடைமுறைக்கு வந்த அதே வீதங்கள்தான். இருந்தும் பில் சரி, அவர் கணக்குதான் தவறு.

ஸ்லாப் என்றால் வருமான வரி போல, மேல் படிக்குப் போன பகுதிக்கு மட்டும் மேல் படியின் வீதம், கீழே உள்ளது அப்படியே இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பில்லின் காலத்து வீதப்படி, தமிழ்நாட்டின் வீட்டு மின்கட்டணம் 500 யூனிட் வரைக்கும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. 501ஆவது யூனிட் ஓடியதும் பில் வேறொரு அட்டவணைக்குத் தாவிவிடுகிறது. அந்த அட்டவணையில் 2.35 என்ற வீதமே கிடையாது. முதல் 100 இலவசம், 101 முதல் 400 வரை எல்லாமே 4.70, அப்புறம் 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40. அதாவது கடைசியில் ஓடிய ஒரு யூனிட், ஒரு மாதத்துக்கு முன்பே ஓடி முடிந்துவிட்ட 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையைத் திரும்பப் போய் இரட்டிப்பாக்குகிறது.

வாசகரின் பில்லை இந்த அட்டவணையில் போட்டுப் பார்க்கலாம். 300 யூனிட், 4.70 வீதம் 1,410. அடுத்த 100க்கு 630. கடைசி 20க்கு 168. மொத்தம் 2,208. பில்லில் உள்ள அதே தொகை.

இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் சரியாக 235 ஆக இருப்பது தற்செயல் இல்லை. நூறு யூனிட்டுக்கு 2.35க்குப் பதில் 4.70 என்றால், யூனிட்டுக்கு 2.35 வீதம் கூடுதல் 235தான். 500ஐத் தாண்டிய எந்தப் பில்லை இந்தத் தவறான முறையில் போட்டாலும், 510 ஆனாலும் 900 ஆனாலும், வித்தியாசம் 235 ஆகவே நிற்கும். ஆகவே உங்கள் கணக்கும் பில்லும் 235 ரூபாய் விலகினால், தவறான அட்டவணையை எடுத்திருக்கிறீர்கள் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. 500 யூனிட்டுக்குக் கட்டணம் 235, 940, 630 மூன்றும் சேர்ந்து 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. ஒரே யூனிட்டில் 243.40 ஏறிவிட்டது. அதில் 8.40 அந்த யூனிட்டின் விலை, 235 அட்டவணை மாறியதன் விலை. அப்படியென்றால் 1,805க்கும் 2,048க்கும் நடுவே எந்த வீட்டுக்கும் மின்கட்டணம் வரவே முடியாது! வாசகருக்கு வந்த 1,973 அந்த இடைவெளிக்குள் விழுகிறது. எத்தனை யூனிட் ஓட்டினாலும் கிடைக்காத தொகை அது. யூனிட் எத்தனை என்று பார்க்காமலேயே அதைத் தவறு என்று சொல்லிவிடலாம். ஆனால் இது கட்டணம் என்ற ஒற்றை வரிக்கு மட்டும் பொருந்தும். பழைய பாக்கி, தாமதக் கட்டணம், கூடுதல் காப்புத்தொகை ஏதாவது சேர்ந்திருந்தால் முதலில் அவற்றைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

படத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. முந்தைய ரீடிங் 14386 தெளிவாக இருக்கிறது. தற்போதைய ரீடிங்கில் 1490 வரை தெரிகிறது, கடைசி இலக்கத்தின் மேல் பிளாஷ் வெளிச்சம் விழுந்து வெள்ளையாகிவிட்டது. அது 6 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். இந்த மாதிரி நேரத்தில் தொகையிலிருந்து பின்னோக்கிப் போகலாம். இரண்டாவது அட்டவணையில் முதல் 500 யூனிட்டின் பங்கு 2,040. 2,208இல் அதைக் கழித்தால் 168. அதை 8.40ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 20. ஆகவே 520 யூனிட், தற்போதைய ரீடிங் 14906. கடைசி இலக்கம் 8 ஆக இருந்திருந்தால் 522 யூனிட் ஆகி, கட்டணம் 2,224.80க்குப் போயிருக்கும். இலவச 100 யூனிட்டைத் தாண்டிய பிறகு யூனிட் கூடக் கூடத் தொகையும் கூடிக்கொண்டே போவதால் ஒரு தொகைக்கு ஒரே ஒரு யூனிட் எண்தான் பொருந்தும். ரீடிங், யூனிட், தொகை மூன்றில் எதையாவது ஒன்றைப் படத்தில் படிக்க முடியாமல் போனாலும் மற்றவை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் அட்டவணைப் படங்களை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றில் 4.80, 6.45, 8.55 என்று இருக்கும். ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் நிர்ணயித்த முழு வீதங்கள் அவை. அரசு மானியம் கழிந்த பிறகு இந்தப் பில்லின் காலத்தில் நாம் கட்டியதுதான் 4.70, 6.30, 8.40. பில்லின் தேதிக்கு எந்த வீதம் நடைமுறையில் இருந்தது என்று பார்க்காமல் போட்ட கணக்கு எதையும் நிரூபிக்காது.

சரி, அந்த 20 யூனிட்டின் உண்மையான விலை என்ன? 500இல் நின்றிருந்தால் 1,805, இப்போது 2,208. வித்தியாசம் 403 ரூபாய், யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல். வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு ஹெச்.பி. போர் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். 60 நாளில் 20 யூனிட் என்றால் தினமும் இருபது நிமிட ஓட்டம். சித்திரை வெயிலில் நீர்மட்டம் இறங்கி மோட்டார் கூடுதல் நேரம் ஓட வேண்டியிருக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து வீடுகள் இந்த எல்லையைத் தாண்ட இதுவே போதும். 499 யூனிட் ஓட்டிய வீட்டுக்கும் 501 ஓட்டிய வீட்டுக்கும் வசதியில் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? அதிகம் செலவழிப்பவரிடம் அதிகம் வாங்குவது நியாயம்தான். அதை 600, 700 என்று படிப்படியாக ஏற்றாமல் ஒரே யூனிட்டில் வைத்திருப்பது தவறு என்பது என் கருத்து. எந்த அட்டவணைப்படி கணக்கிடப்பட்டது என்பதை ஸ்லாப் வாரியாகப் பில்லிலேயே அச்சிட்டுக் கொடுக்கவும் வேண்டும். அது இருந்திருந்தால் வாசகர் தாளும் பேனாவும் எடுத்திருக்க மாட்டார்.

இந்தப் பில்லில் ரீடிங் தேதிகளுக்கு நடுவே சரியாக 60 நாள் இருப்பதால் அதில் கேட்க ஒன்றுமில்லை. உங்கள் பில் 500ஐக் கொஞ்சமாகத் தாண்டியிருந்தால் முதலில் அந்த இரண்டு தேதிகளைப் பாருங்கள். இதே 520 யூனிட் 63 நாளில் ஓடியிருந்தால், 60 நாளுக்கு 495தான் ஆகிறது. ரீடிங் எடுக்கத் தாமதமானதால்தான் எல்லையைத் தாண்டியது என்று பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்க அப்போது காரணம் இருக்கிறது. அடுத்த முறை முன்கூட்டியே தெரிய வேண்டுமானால், ரீடிங் எடுத்த தேதியிலிருந்து 40ஆவது நாள் மீட்டரைப் பாருங்கள். அன்றைக்கு 333 யூனிட்டைத் தாண்டியிருந்தால், அதே வேகத்தில் போனால் 60ஆவது நாளில் 500ஐத் தாண்டிவிடும்.