ஐந்து நிமிடம், ஒரு ஹால், இரண்டு பேர்

இரண்டு மணி நேரப் படத்துக்கு 30, 60, 30 நிமிடம் என்று மூன்று அங்கமாகப் பிரிப்பது ஹாலிவுட் திரைக்கதை வகுப்புகளின் பழைய கணக்கு. அதை 5 நிமிடக் குறும்படத்துக்குச் சுருக்கினால் 75, 150, 75 விநாடி வரும். டைட்டிலுக்கு 20 விநாடி போனால் மீதி 280. இதில் முதல் அங்கத்துக்கு 50 விநாடியே தாராளம். யார், எங்கே, என்ன உறவு என்பதை இடமும் பொருள்களும் சொல்லிவிடும்.

ஒரு கதை வைத்துப் பார்ப்போம். காலியான ஹால். நடுவே கட்டி வைத்த அட்டைப் பெட்டிகள். செல்வம் சமையலறை வாசல் ஓரச் சுவரில் சாய்ந்து நிற்கிறான். வீட்டுக்கார அம்மா கவரை நீட்டுகிறார். எண்ணிப் பார்க்கிறான், 5,000 குறைகிறது. “சுவரெல்லாம் ஆணியும் கிறுக்கலும். பெயின்ட் அடிக்கணும்ல தம்பி?” முதல் அங்கம் முடிந்தது. அவனுக்கு முழு அட்வான்ஸ் வேண்டும், அவருக்குச் சாவி வேண்டும்.

அடுத்த 160 விநாடியில்தான் பெரும்பாலான குறும்படங்கள் படுத்துவிடுகின்றன. ‘கொடுங்கள்’, ‘முடியாது’ என்று வசனம் பந்து மாதிரி போய்வந்துகொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு: நடுவில் உள்ள இரண்டு வாக்குவாதங்களை இடம் மாற்றிப் படியுங்கள். கதை கெடவில்லை என்றால் அங்கே எதுவும் நகரவில்லை. செல்வம் முதலில் ஒப்பந்தத்தைக் காட்டுகிறான். அதிலேயே ‘சேதத்துக்குப் பிடித்தம்’ என்ற வரியை அவர் விரல் வைத்துக் காட்டுகிறார். வாய் அடைத்துப்போனதால்தான் கெஞ்சுகிறான்; கெஞ்சலும் பலிக்காததால் சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். ஒவ்வொரு முயற்சியும் முந்தையதன் தோல்வியிலிருந்து பிறப்பதால் வரிசையை மாற்ற முடியாது. ஆட்களும் இடம் மாற வேண்டும்: ஒப்பந்தத்தை ஜன்னல் வெளிச்சத்தில் படிக்கிறார்கள், சாவி பைக்குள் போனதும் அம்மா வாசலை மறித்து நிற்கிறார். ஒரே ஹால் அலுக்காமல் இருப்பது இதனால்தான்.

3:30-இல் திருப்பம். “இந்தக் கிறுக்கலுக்குமா காசு?” என்று தான் சாய்ந்திருந்த சுவரைக் காட்டுகிறான். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டே போகிறார். ஒரு குழந்தை உயர உயரப் போட்ட பென்சில் கோடுகள். பக்கத்தில் அவர் மகன் பெயர், அவர் கையெழுத்திலேயே. போன வருஷம் ஹால் முழுக்க வெள்ளையடித்த செல்வம் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டிருக்கிறான். அந்தச் சுவரை முதல் ஷாட்டிலேயே காட்டியதால் இது வானத்திலிருந்து குதித்ததாகத் தெரியாது.

மீதி 70 விநாடியில் முடிவைக் கைகள் எடுக்கட்டும். அம்மா மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் படம் போச்சு. அவன் எங்கே இருக்கிறான் என்றுகூடச் சொல்ல வேண்டாம், சொன்னால் மூன்றாவது நடிகர் தேவைப்படும். செல்வம் பணம் கேட்காமலே சாவியை நீட்டுகிறான். அவர் அதை வாங்காமல் முதலில் பர்ஸைத் திறக்கிறார்.

திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கு இங்கே ஏமாற்றும். அந்தக் கடைசிக் காட்சி தாளில் நாலு வரிதான். ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு இரண்டு பேரையும் நடந்து காட்டச் சொன்னால் 70-ஐத் தாண்டும். அப்போது வெட்டு விழ வேண்டியது கெஞ்சலில்.