டூயல் ரிலேஷன்ஷிப்: ஈருறவு

மனநல ஆலோசகர் தன்னிடம் சிகிச்சைக்கு வருபவரோடு, சிகிச்சைக்கு வெளியே இன்னோர் உறவும் வைத்திருந்தால் அதை டூயல் ரிலேஷன்ஷிப் என்பார்கள். வீட்டு உரிமையாளரும் வாடகைதாரரும், தொழில் கூட்டாளிகள், நண்பர்கள் என்று அந்த இரண்டாம் உறவு எதுவாகவும் இருக்கலாம்.

இரண்டு என்று பொருள்படும் 'டுவோ' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது 'டூயல்'. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை இதையே 'மல்டிபிள் ரிலேஷன்ஷிப்' என்கிறது. எல்லா இரண்டாம் உறவும் தவறு என்று அது சொல்லவில்லை. சிகிச்சையாளரின் நடுநிலையைக் குலைக்கக்கூடிய, அல்லது சிகிச்சை பெறுபவரைச் சுரண்டவோ காயப்படுத்தவோ இடம்தரக்கூடிய உறவைத்தான் தவிர்க்கச் சொல்கிறது. சிறிய ஊரில் இருவரின் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிப்பதை யாரால் தவிர்க்க முடியும்?

தமிழில் 'இரட்டை உறவு' என்று எழுதினால், திருமணத்துக்கு வெளியே இன்னொரு தொடர்பு என்றுதான் பலருக்கும் தோன்றும். ஈருயிர், ஈருருளி போல 'ஈருறவு' என்பது பொருத்தமாக இருக்கும். அதே இரண்டு பேர், அவர்களுக்கு இடையே இரண்டு உறவு என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

இதனோடு சேர்ந்து வரும் சொற்கள் இரண்டு. மனநல மருத்துவர்கள் தாமஸ் குட்ஹைல், கிளென் கபார்ட் இருவரும் 1993இல் எழுதிய கட்டுரையில் 'பவுண்டரி கிராஸிங்', 'பவுண்டரி வயலேஷன்' என்று பிரித்துக் காட்டினார்கள். முதலாவதை எல்லை தாண்டல் என்றும் இரண்டாவதை எல்லை மீறல் என்றும் சொல்லலாம். (கிராஸிங்கைக் 'கடத்தல்' என்றால் ஆள் கடத்தல் நினைவுக்கு வந்துவிடும்.) வழக்கத்தை விட்டு விலகினாலும் தீங்கில்லாதது தாண்டல், அழுகிறவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, நேரம் முடிந்த பிறகும் கொஞ்சம் உட்காரவைப்பது அப்படி. சிகிச்சை பெறுபவருக்குக் கேடு செய்வது மீறல்.

சமூக ஊடகத்தில் ஈருறவு யாரும் திட்டமிடாமலே உருவாகிவிடுகிறது. ஓர் ஆலோசகர் தன் சொந்த எண்ணிலிருந்தே அப்பாயின்ட்மென்ட் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குடியை விட முயலும் ஒருவர் அந்த எண்ணைச் சேமிக்கிறார், இவரும் அவர் எண்ணைச் சேமிக்கிறார். அதன்பின் ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மற்றவருக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். ஆலோசகரின் குடும்பப் படங்களை அவர் பார்க்கிறார். ஒரு சனிக்கிழமை இரவு அவருடைய ஸ்டேட்டஸில் நண்பர்களோடு கையில் கிளாஸ். அடுத்த வாரம் வந்து, "ஒரு மாசமா தொடவே இல்லை சார்" என்கிறார்.

இப்போது ஆலோசகரிடம் இருக்கும் தகவல், அவர் நம்பிச் சொன்னது அல்ல. பேசாமல் வைத்துக்கொண்டால் அடுத்து அவர் சொல்வதையெல்லாம் சந்தேகத்தோடுதான் கேட்க முடியும். மடக்கிக் கேட்டால், வேவு பார்த்ததாக அவருக்குப் படும். நேரடியாகச் சொல்வதே நல்லது: "உங்க ஸ்டேட்டஸ் என் போன்ல தெரியுது, சனிக்கிழமை போட்டதைப் பார்த்தேன். நான் அதைத் தேடிப் பார்க்கல. அதைப் பத்திப் பேசலாமா, வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க." பிறகு அதைக் கேஸ் குறிப்பில் எழுதிவைத்து, வேலைக்கென்று தனி எண் வாங்கிவிட வேண்டும். கேட்காமல் ஒருவருடைய பக்கத்தைத் தேடிப் பார்ப்பது வேறு விஷயம். ஒப்புதல் தந்தாலொழிய அப்படிப் பார்க்கக்கூடாது என்பது அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறை. சிகிச்சையில் இருப்பவரோடு சமூக ஊடகத்தில் தனிப்பட்ட உறவு வைப்பதையும் அது தடை செய்கிறது.

அப்படியானால் வாட்ஸ்அப்பே கூடாதா? கூடும். இந்தியாவின் 2020ஆம் ஆண்டுத் தொலைமருத்துவ வழிகாட்டுதல், மருத்துவர்கள் அதன் வழியாக ஆலோசனை தர அனுமதிக்கிறது. மருந்தைப் பற்றி நோயாளி கேட்டு மருத்துவர் பதில் சொன்னால் அது ஓர் உறவுதான். அதே திரையில் பிறந்தநாள் வாழ்த்தும் அரசியல் வீடியோவும் போய்வரத் தொடங்கும்போதுதான் இரண்டாவது உறவு முளைக்கிறது.

சிகிச்சைக்கு வருபவரிடமிருந்து சமூக ஊடகத்தில் நட்புக் கோரிக்கை வந்தால் பதிலே சொல்லாமல் விடக்கூடாது. தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஏற்கெனவே வேதனைப்படுபவருக்கு அந்த மௌனம் இன்னோர் ஒதுக்கலாகத் தெரியும். அடுத்த முறை வரும்போது, "இங்கே வருகிற யாரையும் நான் அங்கே சேர்ப்பதில்லை, நீங்கள் இங்கே பேசுவது இங்கேயே இருக்கட்டும் என்பதற்காகத்தான்" என்று முகம் பார்த்துச் சொல்லலாம். முதல் சந்திப்பிலேயே இதை எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. இரவில் செய்திகளைப் பார்ப்பதில்லை, அவசரமென்றால் 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

சிகிச்சை முடிந்தபின் நண்பராகச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மனநலச் சிகிச்சைக்கு வந்தவர் ஓராண்டு கழித்து மறுபடி தேவைப்பட்டு வரலாம். அதற்குள் நண்பராகிவிட்டவரிடம் அவரால் பழையபடி மனம் திறக்க முடியாது. வேறோர் ஆலோசகரைத் தேடித்தான் போக வேண்டியிருக்கும்.