கயிறு பாம்பானபோது பொய்யானது எது?

கல்லூரியில் இந்தியத் தத்துவம் நடத்துகிறேன். விடைத்தாள் திருத்தும்போது ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: “கயிற்றில் பாம்பு இல்லை, அது வெறும் கற்பனை என்கிறது அத்வைதம்.” அத்வைதம் அப்படிச் சொல்லவில்லை. அது எங்கே வேறுபடுகிறது என்று தெரிய, மற்றவர்கள் சொன்னதை முதலில் கேட்க வேண்டும்.

ஒருநாள் மின்சாரம் போன நேரம். கிணற்றடியில் சுருண்டு கிடந்த தாம்புக்கயிற்றைப் பார்த்து “பாம்பு!” என்று பின்னால் துள்ளினேன். வாளியில் மோதி முழங்கால் சிராய்த்தது. விளக்கு வந்ததும் கயிறு தெரிந்தது. வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பேன்: விளக்கு வந்தபோது பொய்யாகிப் போனது எது?

எதுவுமே பொய்யாகவில்லை என்பார், வேத வாக்கியங்களின் பொருளை ஆராயும் மீமாம்சைப் பிரிவைச் சேர்ந்த பிரபாகரர். “இது” என்று ஏதோ நீளமாகக் கண்டது சரியான காட்சி. “பாம்பு” என்பது முன்பு கண்டதன் நினைவு, அதுவும் சரியே. ஆனால் அது நினைவு என்பது அந்த நொடியில் மறந்துபோயிற்று. இரண்டும் வேறு என்று பிரித்தறியாததுதான் குறை. இதுவே அக்யாதி.

தர்க்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாயப் பிரிவினரான நையாயிகர் இதை ஏற்பதில்லை. வேற்றுமை தெரியாமல் இருப்பது வெறும் இன்மை. அது ஒருவரைத் துள்ள வைக்குமா? “இதுதான் பாம்பு” என்று இரண்டையும் ஒன்றாக்கி அறிந்ததால்தான் நான் துள்ளினேன். பாம்பு வேறெங்கோ உண்மையில் உள்ள பொருள். அதை இங்கே ஏற்றிக் கண்டதே பிழை. அந்யதாக்யாதி என்பது இது. என் மனம் இயல்பாகவே இந்தப் பக்கம் சாய்கிறது.

ஆனால் அத்வைதி விடமாட்டார். எங்கோ புற்றில் இருக்கும் பாம்போடு என் கண்ணுக்கு என்ன தொடர்பு? நான் கண்டது என் காலடியில். அது உண்மையென்றால் விளக்கொளியில் மறைந்திருக்காது. முழு இன்மையென்றால் தோன்றியே இருக்காது. முயற்கொம்பை யாரும் கண்டு அஞ்சுவதில்லை. ஆகவே உள்ளது என்றும் இல்லது என்றும் சொல்ல முடியாத ஒரு பாம்பு, கயிற்றைப் பற்றிய அறியாமையிலிருந்து அந்த நேரத்துக்கு மட்டும் தோன்றிற்று. அநிர்வசனீயக்யாதி என்பதன் பொருள் இதுதான். “வெறும் கற்பனை” என்று எழுதினால் இந்த இரண்டாவது வாதமே காணாமல் போகிறது. அதற்காகத்தான் மதிப்பெண் குறைக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜரின் வழி வேறு. எல்லாப் பொருளிலும் எல்லாப் பூதங்களும் கலந்திருப்பதால், வெள்ளியாகத் தோன்றும் சிப்பியில் வெள்ளிக்கூறு சிறிதளவு உண்டு என்பார். அறிவு பொய்க்கவில்லை, கூறு குறைவென்பதால் நகை செய்ய உதவாது, அவ்வளவே. மணிமேகலையும் ‘திரியக் கோடல்’ என்ற பிழையை விளக்க, இப்பியை வெள்ளியாக உணர்வதையே காட்டுகிறது.

மாணவர் ஒருவர் கேட்டார்: “பாம்பு பொய் என்றால் உங்கள் சிராய்ப்பு மட்டும் எப்படி மெய் ஐயா?” சங்கரர் பிரம்மசூத்திர உரையில் இதைத் தொட்டிருக்கிறார். தீண்டாத பாம்பு தீண்டியதாக நினைத்து, ஏறாத விஷத்துக்கு அஞ்சியே மனிதர் சாவதுண்டு என்கிறார் அவர்.